ஷேரிங் வீட்டில் புரதச் சாப்பாடு: சமைக்கத் தெரியாமல் வெளிநாடு வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வெளிநாட்டில் ஐந்தாறு பேர் சேர்ந்து இருக்கும் வீட்டில் ஓர் அறை எடுத்திருக்கிறீர்கள். எல்லோருக்கும் சேர்த்து ஒரே சமையலறை, நான்கு பர்னர் அடுப்பு. ஃப்ரிட்ஜில் உங்கள் பங்கு ஒரே ஒரு தட்டு. ஊரில் இருந்தவரை சமையல்கட்டுப் பக்கம் அதிகம் போனதில்லை. இப்படி வந்து சேருகிறவர்கள் வயிறு நிறையச் சாப்பிட்டுவிடுவார்கள், ஆனால் அந்தச் சாப்பாட்டில் புரதம் மிகக் குறைவாக இருக்கும். ரொட்டி, நூடுல்ஸ், சோறு, பிஸ்கெட் எல்லாம் சீக்கிரம் கிடைப்பவை, கெடாதவை. புரதம் உள்ள பொருட்களுக்குத்தான் ஃப்ரிட்ஜில் இடமும் அடுப்பில் நேரமும் வேண்டும்.

படிக்கப் போன என் சித்தி மகளுக்கு இதுதான் நடந்தது. அதற்குப் பல வருடங்களுக்கு முன் நானும் இப்படிப்பட்ட வீடுகளில் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டவள்தான். நான் அவளுக்குப் போனில் சொன்னது, அவள் செய்து பார்த்து எனக்குத் திருப்பிச் சொன்னது இரண்டையும் வரிசையாக எழுதுகிறேன். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்காமல் புரதத்தைக் கூட்ட வேண்டாம்.

1. கடைக்குப் போகும் முன் ஒரு நாள் கணக்கு எடுங்கள்

ஆரோக்கியமான பெரியவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 0.8 கிராம் புரதம் வேண்டும். இது குறைந்தபட்சம். உடற்பயிற்சி செய்பவர்கள், நாள் முழுக்க நின்றபடி பகுதிநேர வேலை பார்ப்பவர்கள் 1.2 கிராம் வரை வைத்துக்கொள்வது நல்லது. என் தங்கைக்கு 55 கிலோ எடை. குறைந்தபட்சம் 44 கிராம், கொஞ்சம் தாராளமாகப் போட்டால் 66 கிராம்.

"நேத்து என்ன சாப்பிட்டே, எதையும் விடாம சொல்லு" என்றேன். காலையில் இரண்டு துண்டு ரொட்டியும் டீயும். மதியம் ஒரு பாக்கெட் நூடுல்ஸ். ராத்திரி தட்டு நிறையச் சோறும் உருளைக்கிழங்கும். நடுவில் பிஸ்கெட். கணக்கு போட்டோம். ரொட்டியில் 6 கிராம், டீயில் இருந்த பாலில் 2, நூடுல்ஸில் 7, சோற்றில் 8, கிழங்கில் 3, பிஸ்கெட்டில் 2. மொத்தம் 28 கிராம்.

"வயிறு முட்டச் சாப்பிட்டேன் அக்கா, அப்புறமும் பத்து மணிக்குப் பசிக்குது" என்றாள்.

நீங்களும் ஒரு நாள் சாப்பாட்டை இப்படி எழுதிப் பாருங்கள். கிராம் கணக்கு அச்சொட்டாக இருக்க வேண்டியதில்லை, எந்த வேளையில் ஓட்டை இருக்கிறது என்று தெரிந்தால் போதும். மூன்று வேளையிலும் வேளைக்குச் சுமார் 20 கிராம் என்று மனதில் வைத்துக்கொண்டால் மற்ற எல்லா முடிவும் சுலபமாகிவிடும். என் தங்கைக்கு மூன்று வேளையிலுமே ஓட்டை. பெரும்பாலானவர்களுக்குக் காலை வேளைதான் ரொம்ப மோசமாக இருக்கும்.

2. வாடகை ஒப்பந்தத்தில் சமையலறைப் பகுதியைப் படியுங்கள்

இதை யாரும் செய்வதில்லை. ஒப்பந்தத்திலோ தனியாகக் கொடுக்கும் வீட்டு விதிகளிலோ நான்கு விஷயங்களைத் தேடுங்கள். எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை சமைக்கலாம். மின்சாரமும் எரிவாயுவும் வாடகையில் சேர்ந்ததா, சேர்ந்தது என்றால் அதற்கு உச்சவரம்பு உண்டா. அறைக்குள் குட்டி ஃப்ரிட்ஜோ ரைஸ் குக்கரோ வைக்க அனுமதி உண்டா. அடுப்பிலும் மேடையிலும் கறை, தீய்ந்த தழும்பு ஏற்பட்டால் டெபாசிட்டில் யாருடைய பங்கில் பிடிப்பார்கள்.

கடைசி விஷயம்தான் பிற்பாடு சண்டையாக வருவது. குடிபுகும் நாளிலேயே அடுப்பின் மேல்பரப்பு, மேடை, ஃப்ரிட்ஜின் உட்பக்கம், மைக்ரோவேவின் உட்பக்கம் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு மெயிலில் அனுப்பிவிடுங்கள். போனிலேயே கிடந்தால் போதாது. அனுப்பிய தேதியோடு மெயில் இருந்தால்தான் பிறகு எடுத்துக் காட்ட முடியும். நான் காலி செய்த ஒரு வீட்டில், நான் வருவதற்கு முன்பே இருந்த தழும்புக்கு என் டெபாசிட்டில் பிடித்தார்கள்.

உடன் இருப்பவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: யாருக்காவது உணவு ஒவ்வாமை உண்டா? வேர்க்கடலை, முட்டை, மீன், பால், சோயா எல்லாம் ஒவ்வாமைப் பட்டியலில் முன்னால் நிற்பவை. நீங்கள் வாங்கப் போகிற புரதப் பொருட்களும் அவையேதான். அப்படி ஒருவர் இருந்தால் பொதுப் பாத்திரத்தைத் தொடாமல் உங்களுக்கென்று தனி வாணலியும் கரண்டியும் ஸ்பாஞ்சும் வைத்துக்கொள்ளுங்கள்.

3. சாமான்: குறைவாக வாங்குங்கள், ஆனால் தராசு வாங்குங்கள்

மூடி உள்ள ஒரு நான்ஸ்டிக் வாணலி, மூன்று லிட்டர் பிடிக்கும் ஒரு பாத்திரம், ஒரு கத்தி, ஒரு வெட்டும் பலகை, காற்றுப் புகாத மூடி போட்ட நான்கு டப்பா, ஒரு சின்ன டிஜிட்டல் தராசு, ஒட்டுவதற்குக் காகித டேப், எழுத மார்க்கர். முதல் மாதச் சாப்பாட்டுச் செலவில் இவை தனி வரியாக வரும். அடுத்த மாதம் வராது. அதனால் முதல் மாதச் செலவைப் பார்த்துவிட்டு "சமைத்தால் வெளியில் சாப்பிடுவதைவிட அதிகமாகிறது" என்று முடிவு கட்டாதீர்கள்.

வாணலி வாங்கும் முன் அடுப்பு எந்த வகை என்று பாருங்கள். இண்டக்ஷன் என்றால் பாத்திரத்தின் அடிப்பகுதியில் காந்தம் ஒட்ட வேண்டும். ஒட்டாத அலுமினியப் பாத்திரம் அதில் சூடே ஆகாது. கடைக்கு ஒரு ஃப்ரிட்ஜ் காந்தத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனால் வேலை முடிந்தது.

தராசு எதற்கு என்று என் தங்கையும் கேட்டாள். ஒரு கைப்பிடி பருப்பு என்று அவள் நினைத்தது 30 கிராம்தான் இருந்தது. ஒரு வேளைக்கு அவளுக்குத் தேவை 60. இரண்டு வாரம் எடை போட்டுப் பழகினால் கண்ணே அளந்துவிடும், அதற்கப்புறம் தராசு அலமாரியில் கிடக்கலாம்.

4. லேபிள் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இதில் நேரம் செலவழித்தால் பணம் மிச்சமாகும். பாக்கெட்டின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் புரதம் என்று போட்டிருப்பதை விட்டுவிட்டு, பின்பக்கம் உள்ள சத்துப் பட்டியலைப் பாருங்கள். 100 கிராமுக்கு என்று ஒரு வரிசையும், ஒரு பரிமாறலுக்கு என்று ஒரு வரிசையும் இருக்கும். சில நாடுகளில் பரிமாறல் வரிசை மட்டுமே இருக்கும். அந்தப் பரிமாறல் எவ்வளவு என்பதைக் கம்பெனிகள் தங்களுக்குத் தோதாகக் காட்டிக்கொள்ள இடம் உண்டு. ஒப்பிடுவது என்றால் எல்லாவற்றையும் 100 கிராமுக்கு மாற்றித்தான் ஒப்பிட வேண்டும்.

மூன்று இடங்களில் ஏமாறுவீர்கள்.

முதலாவது, காலை உணவு சீரியல். சில பாக்கெட்டில் போட்டிருக்கும் புரத அளவு, நீங்கள் ஊற்றப்போகும் பாலையும் சேர்த்தது. பொடி எழுத்தில் "பாலுடன்" என்று இருக்கிறதா பாருங்கள்.

இரண்டாவது, டின். டின்னின் மொத்த எடை 400 கிராம் என்றால் உள்ளே பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் கடலை, மிச்சம் தண்ணீர். வடித்த எடை என்று தனியாகப் போட்டிருப்பார்கள், கொண்டைக்கடலை டின்னுக்குச் சுமார் 240 கிராம் இருக்கும். அதில் 100 கிராமுக்கு 7 கிராம் புரதம் என்றால் டின் முழுவதிலும் 17 கிராம்தான்.

மூன்றாவது, காய்ந்தது வேறு வெந்தது வேறு. மசூர் பருப்பு பாக்கெட்டில் 100 கிராமுக்கு 24 கிராம் புரதம் என்று இருக்கும். அது காய்ந்த பருப்புக்கு. வெந்த பிறகு அதே பருப்பு தண்ணீர் குடித்து இரண்டரை மடங்காகிவிடும், அப்போது 100 கிராமில் சுமார் 9 கிராம்தான். வெந்த பருப்பை எடை போட்டு 24 என்று எழுதிக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

சரி, விலையை எப்படி ஒப்பிடுவது? ஒரு பொருளில் மொத்தம் எத்தனை கிராம் புரதம் என்று கண்டுபிடியுங்கள். விலையை அதனால் வகுத்து 20-ஆல் பெருக்குங்கள். ஒரு வேளைப் புரதத்தின் விலை கிடைத்துவிடும். ஓர் உதாரணம் பாருங்கள். இதில் உள்ள விலைகள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை, உங்கள் ஊர்க் கடை விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். மேலே சொன்ன கடலை டின் விலை 10 என்று வைப்போம். 10-ஐ 17-ஆல் வகுத்து 20-ஆல் பெருக்கினால் சுமார் 12. அரை கிலோ காய்ந்த கொண்டைக்கடலை விலை 25, அதில் 100 கிராமுக்கு 20 கிராம் வீதம் மொத்தம் 100 கிராம் புரதம். வேளைக்கு 5. அரை கிலோ கெட்டித் தயிர் விலை 30, 100 கிராமுக்கு 9 கிராம் வீதம் 45 கிராம். வேளைக்கு 13. இருபது கிராம் புரதம் உள்ள ஒரு பார் விலை 30. வேளைக்கு 30, அப்படியே.

என் தங்கை வந்த புதிதில் பையில் எப்போதும் இந்தப் பார் ஒன்று வைத்திருப்பாள். கணக்குப் போட்ட நாளோடு அதை நிறுத்திவிட்டாள். நான் நிறுத்தச் சொல்லவில்லை.

கெட்டித் தயிரிலும் ஒன்று கவனியுங்கள். கிரேக்கத் தயிர் என்று இருப்பது வடிகட்டிக் கெட்டியானது, 9 அல்லது 10 கிராம் இருக்கும். "கிரேக்க பாணி" என்று இருப்பதில் சிலது மாவோ க்ரீமோ சேர்த்துக் கெட்டியாக்கியது, புரதம் பாதிகூட இருக்காது. பாதாம் பாலும் அப்படித்தான், பெயர்தான் பால், 100 மில்லிக்கு ஒரு கிராம்கூடத் தேறாத வகைகள் அதிகம். சோயா பாலில் மாட்டுப் பாலுக்குக் கிட்டத்தட்ட சமமாக 3 கிராம் உண்டு. வேர்க்கடலை வெண்ணெயைப் புரதம் என்று நம்பிச் சாப்பிடாதீர்கள். ஒரு மேசைக்கரண்டியில் 4 கிராம் புரதம் வர, கூடவே 95 கலோரி வரும். ருசிக்குத் தடவிக்கொள்ளலாம்.

5. முதல் வாரம்: அடுப்பைத் தொட வேண்டாம்

புது வீட்டில் அடுப்புக்கு யார் எப்போது வருவார்கள் என்று தெரியாது. முதல் வாரம் அதைக் கவனிக்க மட்டும் வைத்துக்கொண்டு, மைக்ரோவேவையும் டின்னையும் வைத்துச் சமாளியுங்கள்.

காலைக்கு மைக்ரோவேவ் முட்டை. பெரிய கோப்பையில் இரண்டு முட்டை, இரண்டு மேசைக்கரண்டி பால், கொஞ்சம் உப்பு போட்டு முட்கரண்டியால் நன்றாக அடியுங்கள். கோப்பையில் பாதிக்கு மேல் காலியாக இருக்க வேண்டும், முட்டை பொங்கி மேலே வரும். 40 விநாடி வையுங்கள். வெளியே எடுத்தால் ஓரம் இறுகி நடுவில் தண்ணீராக இருக்கும், ஓரத்தைச் சுரண்டி நடுவில் தள்ளிக் கலக்குங்கள். மறுபடி 30 விநாடி, மறுபடி கலக்கல். இன்னும் கொஞ்சம் ஈரம் மினுங்கும்போதே நிறுத்தி ஒரு நிமிடம் மூடி வைத்தால் அந்தச் சூட்டிலேயே மீதி வெந்துவிடும். ஈரம் சுத்தமாகப் போகும்வரை விட்டால் ரப்பர் மாதிரி ஆகி, கோப்பையின் அடியில் தண்ணீர் நிற்கும். இரண்டு முட்டையும் இரண்டு ரொட்டியும் சேர்ந்து 18 கிராம்.

முட்டையை ஓட்டோடு மைக்ரோவேவில் வைக்கவே கூடாது, வெடிக்கும். வேகவைத்து உரித்த முட்டையைச் சூடாக்கினாலும் வெடிக்கும், சில நேரம் வெளியே எடுத்துக் கடிக்கும்போது. பொதுக் கெட்டிலில் முட்டை வேகவைக்கலாம் என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. வேண்டாம். ஒரு முட்டை கீறிவிட்டால் வீட்டில் அத்தனை பேருடைய டீயிலும் அந்த வாடை அடிக்கும்.

மதியத்துக்குக் கடலை டின். வடிகட்டி, தண்ணீரில் அலசுங்கள், உப்பு கொஞ்சம் போகும். பாதி டின்னில் 8 கிராம். அதோடு வெள்ளரி, வெங்காயம், தக்காளி நறுக்கிப் போட்டு எலுமிச்சை பிழிந்து, 150 கிராம் கெட்டித் தயிரைக் கலந்தால் இன்னும் 13 கிராம். மொத்தம் 21. கையில் எடுத்துப் போவதானால் தயிரைத் தனி டப்பாவில் கொண்டுபோய்ச் சாப்பிடும்போது கலக்குங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் விட்டுவிடும். வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். மீதிப் பாதிக் கடலையைத் திறந்த டின்னிலேயே ஃப்ரிட்ஜில் வைக்காமல் டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள்.

கடலை பழக்கம் இல்லாதவர்களுக்கு வாயுத் தொல்லை வரும். முதல் சில நாள் கால் டின்னில் ஆரம்பியுங்கள். சுவர் மெல்லிசாக இருக்கும் வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை.

6. இரண்டாவது வாரம்: ஒரு பாத்திரம் பருப்பு

என் தங்கை சமையலைக் கற்றுக்கொண்டது இங்கேதான். உடைத்த சிவப்பு மசூர் பருப்பை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். ஊறவைக்க வேண்டாம், குக்கர் வேண்டாம், 20 நிமிடத்தில் குழைந்துவிடும். அடுப்புக்கு வரிசை கட்டும் வீட்டில் இதைவிடத் தோதான பருப்பு கிடையாது.

நேரத்தை முதலில் தீர்மானியுங்கள். அவள் வீட்டில் ராத்திரி ஏழு முதல் ஒன்பது வரை நான்கு பர்னரும் ஓடும். ஞாயிறு காலையில் ஒருவரும் எழுந்திருக்க மாட்டார்கள். அந்த நேரத்தை எடுத்துக்கொண்டாள், வாரத்துக்கு ஒரே தடவை.

240 கிராம் பருப்பு, நான்கு வேளைக்கு. தண்ணீர் தெளியும்வரை மூன்று நான்கு தடவை கழுவி, மூன்று லிட்டர் பாத்திரத்தில் போட்டு, 900 மில்லி தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிடுங்கள். கொதி வரும் நேரத்தில் பக்கத்திலேயே நில்லுங்கள். வெளிர் மஞ்சள் நுரை ஒன்று முதலில் ஓரத்தில் வரும், நீங்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் மொத்தமாக எழும்பி அடுப்பில் வழிந்து தீய்ந்துவிடும். டெபாசிட் தழும்பு பலதும் இப்படி வந்தவைதான். நுரையைக் கரண்டியால் எடுத்துவிட்டுத் தீயைக் குறைத்து, மூடியைச் சாய்த்து வைத்து, 15 முதல் 20 நிமிடம் விடுங்கள். ஒரு பருப்பை விரலால் நசுக்கினால் நடுவில் வெள்ளைப் புள்ளி இல்லாமல் மசிய வேண்டும்.

தக்காளி, எலுமிச்சை, புளி மாதிரிப் புளிப்பு எதையும் பருப்பு வெந்த பிறகுதான் சேர்க்க வேண்டும். முதலிலேயே போட்டால் பருப்பு லேசில் மசியாது. என் தங்கையின் முதல் பாத்திரம் 40 நிமிடம் ஆகியும் வேகவில்லை. "பருப்பு பழசு போல இருக்கு அக்கா" என்றாள். தக்காளியை எப்போது போட்டாய் என்று கேட்டதும் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பழைய பருப்பும் வேகாதுதான், ஆனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது புளிப்பை.

வாணலியில் எண்ணெய் விட்டு வெங்காயமும் பூண்டும் பொன்னிறமாக வதக்கி, தக்காளி சேர்த்துக் குழைந்ததும் பருப்பில் கொட்டி உப்புப் போட்டு ஐந்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். எண்ணெய் புகையும்வரை காய விடாதீர்கள், புகை அலாரம் அடித்தால் ஞாயிறு காலையில் வீட்டில் எல்லோரும் எழுந்துவிடுவார்கள். காற்றுறிஞ்சி இருந்தால் அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே போட்டுவிடுங்கள்.

மொத்தப் புரதம் சுமார் 58 கிராம், டப்பாவுக்கு 14. கூடவே 200 கிராம் சோறு வைத்தால் இன்னும் 5, ஆக 19. பருப்பில் குறைவாக உள்ள அமினோ அமிலம் தானியத்தில் உண்டு, தானியத்தில் குறைவானது பருப்பில் உண்டு. அன்றைய நாளுக்குள் இரண்டும் உடம்புக்குப் போனால் போதும், ஒரே தட்டில்தான் இருக்க வேண்டும் என்றில்லை. இன்னும் கூட்ட வேண்டுமானால் பருப்பைத் திரும்பக் கொதிக்க வைக்கும்போது ஒரு முட்டையை அடித்து ஊற்றிக் கிளறுங்கள். இழை இழையாக வெந்துவிடும், 6 கிராம் கூடும். அவள் வீட்டில் இருந்த வேறொரு பெண் இதைப் பார்த்துவிட்டுச் செய்முறை கேட்டாளாம்.

மீல்மேக்கர் கிடைக்கும் ஊர் என்றால் அதுவும் நல்லது. காய்ந்த எடையில் பாதி புரதம்தான். 30 கிராமை வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்து பருப்பில் போட்டால் 15 கிராம் கூடிவிடும்.

7. ராஜ்மா: படிக்காமல் வேகவைக்காதீர்கள்

பருப்பில் கை பழகியதும் அடுத்து ராஜ்மா என்று தோன்றும். சிவப்பு ராஜ்மாவில் இயற்கையாகவே லெக்டின் என்ற நச்சுப் பொருள் இருக்கிறது. சரியாக வேகாத சில பயறுகளே வாந்தி, வயிற்றுப்போக்கு கொண்டுவந்துவிடும். குறைந்தது ஐந்து மணி நேரம், முடிந்தால் ராத்திரி முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் நன்றாகக் கொப்பளித்துக் கொதிக்கும்படி அரை மணி நேரம் வைத்து, அப்புறம் தீயைக் குறைத்து மெத்தென்று ஆகும்வரை வேகவிடுங்கள். மெதுவாகச் சமைக்கும் மின்சாரப் பாத்திரத்தில் நேரடியாகப் போடவே கூடாது. அதன் சூடு கொதிநிலைக்குக் கீழே நின்றுவிட்டால் நச்சு அழியாது, பயறு மட்டும் மெத்தென்று ஆகிவிடும். தொட்டுப் பார்த்தால் வெந்த மாதிரியே இருக்கும், அதுதான் இதில் ஆபத்து. ஷேரிங் வீட்டில் அரை மணி நேரம் ஒரு பர்னரை எடுத்துக்கொள்வது கஷ்டம் என்றால் டின் ராஜ்மா வாங்குங்கள். அது ஏற்கெனவே முழுதாக வெந்தது.

8. கோழி அல்லது டோஃபு

எலும்பில்லாத கோழி மார்புக் கறி அரை கிலோவில் சுமார் 110 கிராம் புரதம், நான்கு வேளைக்குப் பிரித்தால் வேளைக்கு 27. ஒரே அளவுத் துண்டாக வெட்டுவதுதான் இதில் முக்கியம். பெரிதும் சிறிதுமாக வெட்டினால் சிறியது காய்ந்து போகும், பெரியது உள்ளே பச்சையாக இருக்கும். உப்பு, மிளகு, தயிர் போட்டுப் பிசறி, வாணலியில் நடுத்தரத் தீயில் இரண்டு பக்கமும் நிறம் மாறவிட்டு, மூடி போட்டு வேகவையுங்கள். இருப்பதிலேயே தடித்த துண்டை எடுத்து வெட்டிப் பாருங்கள், இளஞ்சிவப்பு இல்லாமல், வரும் சாறு தெளிவாக இருக்க வேண்டும். உணவு வெப்பமானி இருந்தால் உள்ளே 74 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும், உறுதியான வழி அதுதான்.

நம்மில் பலர் கோழியைக் கழுவாமல் சமைக்க மாட்டோம். என் தங்கையும் குழாயடியில் பிடித்துக் கழுவினாள், பக்கத்தில் நின்றவர் முகம் சுளித்தார். "அந்த சிங்க்கில்தான் எல்லோரும் தட்டு கழுவுகிறோம்" என்றாராம். அவர் சொன்னது நியாயம். கழுவுவதால் கிருமி போகாது, தண்ணீர் தெறிக்கும் இடமெல்லாம் பரவும். கிருமியைக் கொல்வது சூடுதான். ஈரம் பிடிக்கவில்லையென்றால் காகிதத் துண்டால் ஒற்றி எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பச்சைக் கறி வெட்டிய பலகையில் அப்படியே வெள்ளரி நறுக்காதீர்கள்.

சைவம் என்றால் கெட்டி டோஃபு. வகைக்கு வகை புரதம் மாறும், கெட்டியானதில் 100 கிராமுக்கு 12 முதல் 15 வரை இருக்கலாம், மெத்தென்ற பட்டு டோஃபுவில் அதில் பாதிதான். காகிதத் துண்டில் சுற்றி மேலே ஒரு தட்டை வைத்துப் பத்து நிமிடம் தண்ணீர் வடிய விட்டு, துண்டு போட்டு, எண்ணெயில் அசைக்காமல் விட்டால் அடிப்பக்கம் பொன்னிறமாகும். அதற்கு முன் கிளறினால் உடைந்து பொடியாகிவிடும்.

9. உங்கள் ஃப்ரிட்ஜ் தட்டு

பருப்பு, கறி, சோறு எதுவானாலும் சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். முழுப் பாத்திரமாக வைத்தால் நடுவில் சூடு நின்றுவிடும், அதனால் டப்பாக்களில் பிரித்துத்தான் வைக்க வேண்டும். சோற்றில் இன்னும் கவனம் தேவை. அதில் உயிரோடு மிஞ்சும் ஒரு வகை பாக்டீரியா வெளியில் கிடக்கும்போது நச்சை உண்டாக்கும், திரும்பச் சூடாக்கினாலும் அந்த நச்சு போகாது. ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்து உள்ளே வைத்து மறுநாளுக்குள் முடித்துவிடுங்கள்.

பருப்பும் கறியும் இரண்டு மூன்று நாள் தாங்கும். அதனால் நான்கு டப்பாவில் இரண்டு ஃப்ரிட்ஜுக்கு, இரண்டு ஃப்ரீசருக்கு. ஃப்ரீசரில் உள்ளதை முந்தின ராத்திரி ஃப்ரிட்ஜுக்கு இறக்கி வையுங்கள். பச்சைக் கறி எப்போதும் மூடிய டப்பாவில், ஃப்ரிட்ஜின் அடித்தட்டில். அடித்தட்டு வேறு ஒருவருடையது என்றால் பேசி மாற்றிக்கொள்ளுங்கள், ஒழுகினால் மற்றவர் சாப்பாட்டில்தான் விழும். ஆறு பேர் திறந்து மூடும் ஃப்ரிட்ஜ் அவ்வளவு குளிர்ச்சியாக இருக்காது. 5 டிகிரிக்கு மேல் போகிறதா என்று ஒரு சின்ன வெப்பமானி வைத்துப் பாருங்கள்.

ஒவ்வொரு டப்பாவிலும் பெயரும் சமைத்த தேதியும். வேகவைத்த முட்டையை ஓட்டோடு வைத்தால் ஒரு வாரம் வரை வைக்கலாம், ஓட்டின் மேல் பென்சிலால் தேதி எழுதுங்கள். கெட்டித் தயிர் மட்டும் பெயர் எழுதினாலும் காணாமல் போகும். எல்லா வீட்டிலும் அப்படித்தான். சின்ன டப்பாக்களாக வாங்குவதைத் தவிர இதற்கு வழி எனக்குத் தெரியவில்லை.

10. அவளுடைய இப்போதைய ஒரு நாள், அப்புறம் பரீட்சை வாரம்

காலை இரண்டு முட்டை, ரொட்டி: 18. மதியம் கடலையும் தயிரும்: 21. இரவு பருப்பும் சோறும்: 19. படுக்கும் முன் ஒரு டம்ளர் பால்: 8. மொத்தம் 66. கறி சமைக்கும் வாரம் இன்னும் கூடும், வெளியில் சாப்பிடும் நாள் குறையும். ஒவ்வொரு நாளும் கணக்குப் பார்ப்பதை அவள் எப்போதோ விட்டுவிட்டாள். முட்டையும் கறியுமாகவே தின்று காய்கறியை மறந்த ஒரு வாரம் மட்டும் மலச்சிக்கலில் அவதிப்பட்டாள். கடலையும் பருப்பும் தட்டில் இருந்தால் நார்ச்சத்தும் கூடவே வந்துவிடும். தண்ணீரும் தாராளமாகக் குடியுங்கள்.

பரீட்சை வாரத்தில் ஞாயிறு சமையல் நடக்காது. அதற்கென்று அறை அலமாரியில், ஃப்ரிட்ஜ் தேவைப்படாத பொருட்கள் தனியாக இருக்கட்டும்: இரண்டு டியூனா டின், இரண்டு கடலை டின், கொழுப்பு நீக்கிய பால் பவுடர் ஒரு பாக்கெட், ஓட்ஸ். வடித்த டியூனா 100 கிராமில் 24 கிராம் புரதம் உண்டு, ரொட்டியில் வைத்தால் ஒரு வேளை முடிந்தது. 25 கிராம் பால் பவுடரை ஓட்ஸ் கஞ்சியில் கரைத்தால் 9 கிராம் கூடும். டின் எடுக்கும்போது மூடி உப்பியிருந்தாலோ, ஓரத் தையலில் நசுங்கியிருந்தாலோ, திறந்ததும் பீய்ச்சி அடித்தாலோ ருசி பார்க்காமல் அப்படியே குப்பையில் போட்டுவிடுங்கள்.